வீட்டின் காலி அறையில் சிப்பிக்காளான்: வாரம் 6 கிலோ தவறாமல் கொடுப்பது எப்படி

முதல் முறை நான் ஒரே நாளில் 40 படுக்கை போட்டேன், அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடுக்கிக் கட்டிய 40 பாலித்தீன் பை. எல்லாம் நன்றாகத்தான் வந்தது. இருபத்தைந்தாம் நாள் வாக்கில், மூன்றே நாளுக்குள் 12 கிலோ காளான் பூத்து நின்றது. பேசி வைத்திருந்த இரண்டு சின்ன ஓட்டல்களும் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிக்கொண்டன. அக்கம்பக்கத்தில் இரண்டு கிலோ போனது. மீதியைச் சும்மா கொடுத்தேன், சமைத்தேன், கடைசியில் குப்பையில் கொட்டினேன். அடுத்த வாரம் அதே ஓட்டல்காரர் போன் செய்து இன்னும் ஒரு கிலோ கேட்டபோது அறையில் கால் கிலோகூட இல்லை. அவர் அதன் பிறகு போன் செய்யவே இல்லை.

சிப்பிக்காளான் அலை அலையாகத்தான் காய்க்கும். வாங்குகிறவருக்கோ வாராவாரம் ஒரே அளவு வேண்டும். வீட்டில் வளர்த்து விற்கிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில், வாரம் 6 கிலோ தவறாமல் கொடுக்கிற ஏற்பாட்டைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

1. முதலில் காகித வேலை

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "ஒரு அறையில் காளான் வளர்க்கப் போகிறேன், அறை எப்போதும் ஈரமாக இருக்கும்" என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்றவர், ஆறு மாதம் கழித்துச் சுவரில் பூஞ்சைக் கறையைப் பார்த்ததும் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார். தொடங்குவதற்கு முன்பே சுவர், மேற்கூரை, தரை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உணவுப் பொருளை வீட்டிலிருந்து விற்பதற்கான பதிவு. உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்கும்போது இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பறித்த காளானை அப்படியே விற்க என்ன வேண்டும், உலர்த்தியோ ஊறுகாயாகவோ விற்க என்ன வேண்டும். பச்சையாக விற்பதையும் பதப்படுத்தி விற்பதையும் பெரும்பாலும் வேறு வேறு வகையில் வைத்திருப்பார்கள். ஓட்டல்காரர்கள் சிலர் பதிவு எண் இல்லாமல் பேச்சையே தொடங்க மாட்டார்கள்.

மூன்றாவது, வாங்குகிறவர்கள். வித்து வாங்குவதற்கு முன்பே இரண்டு ஓட்டல்களில் நேராகப் போய்ப் பேசுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை கிலோ, எத்தனை மணிக்குள் வேண்டும், பணம் கையிலா வாரக் கடைசியிலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்ற பதிலை ஆர்டர் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன்.

இன்னொன்று. வீட்டில் ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சுத் தொல்லையோ உள்ளவர் இருந்தால், வீட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். காரணம் ஏழாம் படியில் வருகிறது.

2. அறையை இரண்டாகப் பிரியுங்கள்

காளானுக்கு இரண்டு பருவம் உண்டு. வித்திலிருந்து வெள்ளை இழை வைக்கோல் முழுக்கப் பரவும் பருவம் ஒன்று. அப்போது அதற்குக் காற்றோட்டம் அதிகம் தேவையில்லை, வெளிச்சமும் தேவையில்லை. பரவி முடித்த பிறகு மொட்டு விட்டுக் காய்க்கும் பருவம் இன்னொன்று. அதற்கு ஈரப்பதம், புதுக்காற்று, கொஞ்சம் வெளிச்சம் மூன்றும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஏதோ ஒன்று கெடும்.

அறையின் குறுக்கே தடித்த பாலித்தீன் தாளைக் கூரையிலிருந்து தரை வரை தொங்க விடுங்கள். கதவுப் பக்கம் பரவும் பகுதி, ஜன்னல் பக்கம் காய்க்கும் பகுதி. காய்க்கும் பகுதியின் சுவர்களையும் அதே தாளால் மூடிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சுண்ணாம்பு உதிரும், பெயின்ட் கொப்பளிக்கும். கட்டில், துணி அலமாரி, புத்தகம் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் சின்ன மின்விசிறி ஒன்று பொருத்துங்கள். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர ஒரு திறப்பு வேண்டும். இரண்டுக்கும் கொசுவலையைவிட நெருக்கமான வலை கட்டுங்கள், ஏனென்றால் காளான் ஈ கொசுவைவிடச் சிறியது. மின்விசிறி பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மானி பகுதிக்கு ஒன்றாக இரண்டு வாங்குங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஈரப்பதம் நம்பத்தக்கதல்ல.

3. வித்து: அறைக்குப் பொருந்தும் ரகம்

படத்தில் இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான் அழகாக இருக்கும். வெப்பத்தையும் தாங்கும். ஆனால் பறித்த ஒன்றிரண்டு நாளில் வாடி நிறம் மங்கிவிடும். புதிதாக விற்கப் போகிறவர் வெள்ளை அல்லது சாம்பல் ரகத்தில் தொடங்குவது நல்லது. அதிலும் குளிர் விரும்பும் ரகங்கள் உண்டு, 25 டிகிரியைச் சுற்றி நன்றாகக் காய்க்கும் ரகங்களும் உண்டு. உங்கள் அறையின் வெப்பத்தை ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தக் குறிப்போடு வித்து விற்பவரிடம் போங்கள்.

தானியத்தில் வளர்த்த வித்துத்தான் பைகளில் கிடைக்கும். தானியமணிகள் ஒவ்வொன்றும் வெள்ளை போர்த்தி, பையை உலுக்கினால் ஓரளவு எளிதாகப் பிரிய வேண்டும். பையின் அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் வித்துக்கு வயதாகிவிட்டது. பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் வாங்காதீர்கள். திறந்து முகர்ந்தால் காளான் மணம் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பில்லில் ரகத்தின் பெயரும் வித்து தயாரித்த தேதியும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் விற்றவரிடம் பேசுவதற்கு அதுதான் ஆதாரம். வெயிலில் நிற்கும் வண்டியில் வித்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சில வாரம் தாங்கும். நான் இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

4. வைக்கோல்: நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள்?

பொன்னிறமாக, காய்ந்து, மழையில் நனையாத வைக்கோலாகப் பாருங்கள். சாம்பல் பூத்த வைக்கோலில் வேறு பூஞ்சை ஏற்கெனவே குடியேறியிருக்கும். விலை குறைவு என்று வாங்கினால் வித்தின் காசும் சேர்ந்து போகும்.

இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சாக்கில் கட்டி, ஐந்தாறு மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊற வையுங்கள். பிறகு நீரை வடித்து, சாக்கோடு வெந்நீரில் அமுக்குங்கள். நீர் 70 முதல் 80 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

என் இரண்டாவது தொகுதி முழுக்கப் பச்சைப் பூசணம் பிடித்துப் போனது இந்த ஒரு மணி நேரக் கணக்கால்தான். நீர் 80 டிகிரி வந்ததும் சாக்கை இறக்கினேன், அந்த நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஈர வைக்கோல் உள்ளே போனதும் நீரின் வெப்பம் சட்டென இறங்கியதை நான் கவனிக்கவில்லை. மறுபடி 70 வருவதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே சாக்கை இறக்கிய பிறகு, சாக்கின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். அங்கே 70 வந்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்குகிறது.

அதற்காகக் கொதிக்கக் கொதிக்க வேக வைப்பதும் வேண்டாம். வைக்கோலில் இருக்கும் சில நல்ல நுண்ணுயிர்கள் மிதமான வெப்பத்தைத் தாங்கி, பின்னால் பச்சைப் பூசணத்தை அண்டவிடாமல் காக்கின்றன. குழைய வேகவைத்த வைக்கோலில் அவையும் இருக்காது. முதலில் வந்து விழுகிற பூஞ்சைக்கு அது விருந்து. பூஞ்சைக்கொல்லி மருந்தில் நனைக்கும் வழியும் புழக்கத்தில் உண்டு. வீட்டுக்குள், சாப்பிடும் பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு.

வெந்நீரிலிருந்து எடுத்த சாக்கைச் சாய்வான சுத்தமான இடத்தில் வைத்து வடிய விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக் கூடாது. இதில் கைக்குக் கை வித்தியாசம் வரும் என்பதால் நான் எடை போட்டும் பார்க்கிறேன். ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் வடிந்த பிறகு ஏறக்குறைய 3 கிலோ இருக்க வேண்டும். மூன்றரை இருந்தால் இன்னும் வடியட்டும்.

5. படுக்கை போடுவது

கீழே வரும் கணக்குக்கெல்லாம் ஒரு படுக்கை என்றால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோல், 100 கிராம் வித்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் அறை வெப்பத்துக்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு வித்தைப் போட்டால் வித்து செத்துவிடும், ஒரு வாரம் கழித்துத்தான் அது உங்களுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்தி, கதவை மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்காருங்கள். பாலித்தீன் பையின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோலை அமுக்கி, ஓரத்தைச் சுற்றி வித்தைத் தூவுங்கள். அதன் மேல் மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. இப்படி நான்கைந்து அடுக்கு. மேலே கொஞ்சம் தாராளமாகத் தூவி, காற்றுப் பையே இல்லாதபடி அமுக்கிக் கட்டுங்கள். தளர்வாகப் போட்ட படுக்கையில் இழை பரவத் திணறும், பிறகு பைக்கும் வைக்கோலுக்கும் இடையில் மொட்டு விட்டு நசுங்கும்.

சுத்தமான ஊசியால் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு துளை, அடியில் இரண்டு துளை. அடியில் துளை இல்லாவிட்டால் நீர் தேங்கி, அங்கிருந்தே அழுகல் தொடங்கும். பையின் மேல் தேதியும் தொகுதி எண்ணும் எழுதுங்கள். ஒரு நோட்டில் அதே எண்ணுக்கு நேரே வைக்கோல் எங்கே வாங்கியது, வித்து எந்தத் தேதியுடையது என்று குறியுங்கள். எரிச்சலூட்டும் வேலைதான், ஆனால் அடுத்த படியில் இந்த நோட்டு இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

6. காத்திருக்கும் 18 நாள்

படுக்கைகளைப் பரவும் பகுதியில் தட்டுகளில் அடுக்குங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். இழை பரவும்போது படுக்கை தானே சூடாகும், உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். நெருக்கி அடுக்கினால் நடுவில் உள்ளவை வெந்துபோகும். அறை 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. படுக்கைகளுக்கு நடுவில் வைத்த வெப்பமானி 32 காட்டினால் இடைவெளியை அதிகப்படுத்துங்கள்.

மூன்று நான்கு நாளில் ஒவ்வொரு வித்துமணியைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு தெரியும். பத்தாம் நாள் பாதிப் படுக்கை வெளுத்திருக்கும். பதினாறு முதல் இருபது நாளுக்குள் முழுதும் வெள்ளையாகிவிடும்.

தப்பாகப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன தெரிகிறது, எத்தனை படுக்கையில் தெரிகிறது? பச்சை நிறம் தெரிந்தால் வைக்கோல் சரியாகச் சூடேறவில்லை, அல்லது படுக்கை போடும்போது தூசி விழுந்திருக்கிறது. புளித்த நாற்றம் அடித்து, வெள்ளை ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம் அதிகம். ஐந்து நாளாகியும் வித்தைச் சுற்றி ஒன்றுமே தெரியாவிட்டால் வித்து செத்தது, அல்லது சூட்டில் போட்டுவிட்டீர்கள். ஒரு தொகுதி முழுக்க ஒரே மாதிரி கெட்டிருந்தால் குற்றம் வைக்கோலிலோ வித்திலோ இருக்கிறது. ஆறில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அது உங்கள் கை.

பச்சை பிடித்த படுக்கையை அறைக்குள் திறக்காதீர்கள். அப்படியே இன்னொரு கவரில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்து காப்பாற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு படுக்கையைக் காப்பாற்றப் போய் அறை முழுக்க விதைத்துவிட்டவன் நான், அதனால் அந்தப் பக்கம் போவதில்லை.

7. திறப்பதும் பறிப்பதும்

முழுதும் வெளுத்த படுக்கையைக் காய்க்கும் பகுதிக்கு மாற்றி உறி போலக் கயிற்றில் தொங்க விடுங்கள், ஒரு கயிற்றுக்கு நான்கு. பையைச் சுற்றி இரண்டு அங்குல நீளத்தில் ஆறேழு கீறல் போடுங்கள். பையை முழுதாக உரித்துவிடும் முறையும் இருக்கிறது. ஆனால் வீட்டு அறை சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் கீறல்தான் வசதி.

ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் வேண்டும். தரையில் ஈர மணலோ நனைத்த சாக்கோ போட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை தரையிலும் சுவர்த்தாளிலும் புகைபோல நீர் தெளியுங்கள். காளானின் மேல் நீர் தேங்கினால் மஞ்சள் கறை விழுந்து வழவழப்பாகும், அது பாக்டீரியா நோய். வெளிச்சம் அச்செழுத்தைப் படிக்கிற அளவு இருந்தால் போதும்.

காற்றைத்தான் பலர் மறக்கிறார்கள். படுக்கைகள் நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன, கரியமில வாயு அறையில் சேர்ந்துகொண்டே போகும். தண்டு நீண்டு, குடை சிறுத்து, புனல் போல வளர்ந்தால் காற்றுப் போதவில்லை. மின்விசிறியை இன்னும் அடிக்கடி ஓட விடுங்கள். குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் காற்று அதிகம், ஈரம் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் அறைக்கான அளவைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று தொகுதி ஆகும். நான் இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் ஓட்டுகிறேன்.

திறந்த மூன்று முதல் ஐந்து நாளில் குண்டூசித் தலை போல மொட்டு வரும். அடுத்த மூன்று நான்கு நாளில் பறிக்கலாம். குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தாகப் பிடித்து, திருகி எடுங்கள். ஓரம் மேல்நோக்கித் திரும்பிவிட்டால் தாமதம். அதற்குள் வித்துத்தூள் கொட்டத் தொடங்கியிருக்கும். கீழே உள்ள காளான் மேல் மாவு தூவியது போல வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான்.

வீட்டு அறையில் வளர்ப்பவர் பயப்பட வேண்டியது இந்தத் தூளுக்கு. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை வரலாம். வேலை செய்த அன்று மாலை இருமல், காய்ச்சல், உடல்வலி என்று தொடங்கும், சாதாரணச் சளி என்று நினைத்துவிடுவோம். ஆகவே சீக்கிரம் பறியுங்கள். உள்ளே போவதற்கு முன் மின்விசிறியை ஓட விடுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள். அறைக் கதவின் அடி இடுக்கை அடைத்து வையுங்கள்.

பறித்த இடத்தில் ஒட்டியிருக்கும் தண்டுக் கட்டையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி ஈ வரும். அடுத்த அறுவடை எட்டு, பத்து நாளில். அதற்கடுத்தது இன்னும் எட்டு, பத்து நாளில்.

8. நாட்காட்டிக் கணக்கு

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலிலிருந்து புதியவர் 600 கிராம் எதிர்பார்க்கலாம். கை பழகியவர் இதைவிட நிறைய எடுப்பார், ஆனால் அந்தக் கணக்கை நம்பி ஓட்டலுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த 600 மூன்று தவணையாக வரும்: முதல் அறுவடை 300, இரண்டாவது 180, மூன்றாவது 120. நாள் கணக்கில், படுக்கை போட்ட நாளிலிருந்து 25, 34, 43 என்று வையுங்கள். 45-ஆம் நாள் அந்தப் படுக்கை வெளியே.

இப்போது ஆர்டர். இரண்டு ஓட்டல், ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு முறை ஒரு கிலோ, ஆக 4 கிலோ. அக்கம்பக்கத்தில் 200 கிராம் பொட்டலம் பத்து, ஆக 2 கிலோ. மொத்தம் 6.

வாரம் 12 படுக்கை போட்டால், எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு வாரம் 7 கிலோ 200 கிராம் வரும். கெட்டுப்போகும் படுக்கை, உடைந்த காளான், வீட்டுச் சமையல் என்று ஒரு கிலோவுக்கு மேல் கழித்தால் கையில் நிற்பது 6 கிலோ. அந்தப் பன்னிரண்டையும் ஒரே நாளில் போடாமல், திங்கள் ஆறு, வியாழன் ஆறு என்று பிரியுங்கள். அப்போது அறுவடையும் வாரத்தில் இரண்டு இடத்தில் விழும். ஓட்டலுக்குக் கொடுக்கும் நாளை அதற்கேற்பப் பேசிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது முதல் ஏழு வாரம். முதல் மூன்று வாரம் அறையிலிருந்து ஒன்றும் வராது. நான்காம் வாரத்தில் முதல் அறுவடை மட்டும்: பன்னிரண்டு படுக்கையில் 3 கிலோ 600 கிராம். ஐந்து, ஆறாம் வாரங்களில் இரண்டாவது அறுவடை சேர்ந்து ஐந்தே முக்கால் கிலோவுக்குப் போகும். ஏழாம் வாரம்தான் மூன்றும் சேரும். ஆகவே நான்காம் வாரம் ஒரு ஓட்டலுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாவது ஓட்டலிடம் ஏழாம் வாரத் தேதியைச் சொல்லுங்கள். குறைவாகச் சொல்லித் தவறாமல் கொடுப்பவரை ஓட்டல்காரர் விடமாட்டார்.

இடம் போதுமா? வாரம் 12 வீதம் 45 நாளுக்குக் கணக்கிட்டால் அறையில் எந்நேரமும் 77 படுக்கை வரை இருக்கும். அதில் 30 பரவும் பகுதியில், மீதி 47 காய்க்கும் பகுதியில். கயிற்றுக்கு நான்கு என்றால் 12 கயிறு. பத்துக்குப் பத்து அறையில், நடக்க வழி விட்டு, ஒன்றரை அடி இடைவெளியில் 12 கயிறு அடங்கிவிடும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் காற்றுப் போதாது.

ஆனால் எடுத்ததும் இந்த அட்டவணைக்குப் போகாதீர்கள். ஆறே ஆறு படுக்கை போட்டு, 45 நாள் முழுதும் பார்த்து, ஒவ்வொரு அறுவடையையும் எடை போட்டு எழுதுங்கள். உங்கள் அறையில் வரும் எண் 600-ஆ 450-ஆ என்று தெரிந்த பிறகு மேலே உள்ள கணக்கை அந்த எண்ணால் மாற்றிப் போடுங்கள்.

9. செலவு

ஒரு படுக்கையின் ஓட்டச் செலவை எழுதுங்கள்: வைக்கோல், வித்து, பை, வெந்நீருக்கான எரிபொருள், மின்சாரம், பொட்டலம், கொண்டுபோகும் செலவு. பெரும்பாலும் வித்துத்தான் முதலிடத்தில் நிற்கும். இந்த மொத்தத்தை முதல் அறுவடையின் 300 கிராம் விற்ற பணம் மட்டுமே ஈடுகட்ட வேண்டும், அதுவும் ஓட்டல் விலையில். ஈடுகட்டினால் தொடரலாம். இரண்டாவது, மூன்றாவது அறுவடையை நம்பித்தான் போட்ட பணம் திரும்பும் என்றால், ஒரு தொகுதி பச்சை பிடித்தாலே கைநட்டம்.

நான்காம் வாரத்தில் முதல் காசைப் பார்ப்பதற்குள் 42 படுக்கைக்கான செலவைப் போட்டிருப்பீர்கள். அந்தப் பணம் தனியாகக் கையில் இருக்கட்டும். பாலித்தீன் தாள், மின்விசிறி, தட்டு, மானி எல்லாம் ஒருமுறைச் செலவு, அதை இதோடு கலக்காதீர்கள். உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். எனக்குப் படுக்கை போடும் நாள் அரைநாள் போகிறது, மற்ற நாளில் ஒரு மணி நேரம்.

10. கொடுப்பது

கொடுக்கிற நாள் காலையிலேயே பறியுங்கள். பறிப்பதற்கு முன் நீர் தெளிக்காதீர்கள். எடை கூடுமே என்று தெளித்தால் மதியத்துக்குள் வழவழப்பாகும், ஓட்டல் சமையல்காரர் சட்டியில் போட்டதும் நீர் விடுவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கழுவவும் வேண்டாம், அடித்தண்டை மட்டும் நறுக்கினால் போதும்.

இறுகக் கட்டிய பாலித்தீன் கவரில் காளான் வியர்த்துக் கெடும். அக்கம்பக்கத்துப் பொட்டலத்தில் சில துளை போடுங்கள், ஓட்டலுக்குக் காகிதம் விரித்த கூடையில் கொண்டுபோங்கள். பறித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் நான்கு டிகிரியில் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். ஆனால் எடை குறைந்துகொண்டே வரும் என்பதால், முந்தின நாள் பறித்ததைக் கொடுக்கும்போது ஒரு கிலோவுக்கு 50 கிராம் கூடப் போடுங்கள். முதன்முதலாகச் சாப்பிடும் பக்கத்து வீட்டாரிடம் நன்றாக வேகவைக்கவும், முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள்.

ஓட்டலுக்கு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, எடை, வாங்கியவர் கையெழுத்து. வாரக் கடைசியில் பணம் வாங்கும்போது பேச்சு நீளாது. இரண்டு வாரப் பாக்கி சேர்ந்தால் மூன்றாவது வாரம் கொடுப்பதை நிறுத்துவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி.

எப்படித் திட்டமிட்டாலும் சில வாரம் மிஞ்சும். உலர்த்தினால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கண்ணாடி போல முறிகிற வரை காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முதல் படியில் சொன்ன பதிவு இருந்தால் விற்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

11. அறைக்கு ஓய்வு

நான்கைந்து மாதம் ஓடிய அறையில் விளைச்சல் மெல்லக் குறையும், ஈ பெருகும். மஞ்சள் ஒட்டு அட்டை கட்டினாலும் கணக்கு உங்களுக்கு எதிராகவே போகும். அப்போது அறையை முழுதாகக் காலி செய்து, பாலித்தீன் தாளை மாற்றி, தரையையும் கயிற்றையும் கழுவி, இரண்டு வாரம் காய விட வேண்டும். சாறு இழந்த படுக்கை வைக்கோலைப் பையிலிருந்து பிரித்து எருக்குழியில் போடலாம், மண்புழு அதை விரும்பித் தின்னும். அறைக்குப் பக்கத்தில் குவித்து வைக்காதீர்கள், ஈ அங்கிருந்துதான் திரும்பி வரும்.

ஓய்வு தொடங்கும் தேதியிலிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணி, அன்றோடு புதுப் படுக்கை போடுவதை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கினாலும் முதல் காளானுக்கு 25 நாள் ஆகும். இரண்டு வார ஓய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு வாரம் ஓட்டலுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, அதற்கு முன் கடைசி இரண்டு மூன்று வாரமும் அளவு குறைந்துகொண்டே வரும். இந்தத் தேதிகளை இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த இன்னொரு வளர்ப்பவரோடு நான் பேசி வைத்திருக்கிறேன். என் அறை காலியாக இருக்கும்போது என் ஓட்டல்களுக்கு அவர் கொடுக்கிறார், அவர் அறை காலியாகும்போது அவருடைய ஓட்டல்களுக்கு நான்.